ஒரு தடவைக்கு ஒரே ஒரு குறிப்பு! வீட்டுக்குள் செய்யும் உடற்பயிற்சி வீடியோவை எப்படி எழுத வேண்டும்?

“முதுகை நேரா வைங்க, வயித்தை உள்ளே இழுங்க, முட்டி வெளியே போகக் கூடாது, மூச்சை விடுங்க, தோளை இறக்குங்க, அப்படியே மெதுவா எழுந்திருங்க...”

போனைத் திறந்தால் இப்படிப் பேசும் உடற்பயிற்சி வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. சொல்வதில் பெரும்பாலும் தப்பில்லை. ஆனால், ஒரே ஒரு முறை நாற்காலியிலிருந்து எழுவதற்குள் ஐந்து கட்டளைகள். கேட்பவர் எதைச் செய்வார்? பெரும்பாலும் கடைசியாகக் காதில் விழுந்ததை மட்டும்தான்.

புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 64 வயது அம்மா. கடற்கரைச் சாலைக்குப் போய் நடக்க ஆசைதான். ஆனால், அங்கே போய்வர வண்டி வேண்டும், துணை வேண்டும். அதனால் முன்னறையில் போனை டி.வி ஸ்டாண்டில் சாய்த்து வைத்துவிட்டு, வீடியோவைப் பார்த்து உடற்பயிற்சி செய்கிறார். டைல்ஸ் தரை, பிளாஸ்டிக் நாற்காலி, கணுக்காலைத் தொடும் நைட்டி. அவர் செய்வது சரியா, தப்பா என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லை. வீடியோவில் பேசுபவருக்கோ இவரைப் பார்க்க வழியில்லை.

இந்த அம்மாவுக்காக ஒரு பிசியோதெரபிஸ்ட் வீடியோ ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்? ஒரே ஒரு பயிற்சியை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்துவிடலாம். பயிற்சி எளிமையானது: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கழிவறையில் கைப்பிடி தேடாமல் எழுவதற்கும், பஸ் சீட்டிலிருந்து தடுமாறாமல் எழுவதற்கும் தேவைப்படும் அதே அசைவு.

பார்க்க முடியாதவர் எப்படித் திருத்துவது?

குரலை மட்டும் வைத்து ஊருக்கே உடற்பயிற்சி சொல்லித்தருவது புதிதல்ல. ஜப்பானில் 1928-லேயே ‘ரேடியோ தைசோ’ என்ற வானொலி உடற்பயிற்சி தொடங்கிவிட்டது. பியானோ இசை, எண்ணிக்கை, கூடவே ஓரிரு சொற்களில் அசைவின் பெயர். அவ்வளவுதான். படம் காட்ட வழியில்லாததால் சொற்களை அளந்துதான் பேச வேண்டியிருந்தது.

வீடியோவில் படம் காட்டலாம். அந்த வசதியே பேச்சை வளர்த்துவிடுகிறது. ஆனால், ஒரு குறை மட்டும் அன்றைய ரேடியோவுக்கும் இன்றைய வீடியோவுக்கும் பொது. செய்பவரை இரண்டுமே பார்க்காது. அதனால் ‘சரியாகச் செய்கிறீர்களா?’ என்று திருத்தும் வேலையைச் செய்பவரிடமே ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

நல்ல குறிப்பு எது என்பதை இங்கிருந்துதான் முடிவுசெய்ய வேண்டும். சொன்ன அடுத்த விநாடியே, செய்பவர் தானாகச் சோதித்துப் பார்க்கும்படி இருந்தால் அது நல்ல குறிப்பு. ‘தொடைத் தசையை இறுக்குங்க’ என்றால் இறுகியதா இல்லையா என்று பலருக்கும் தெரியாது. ‘சத்தமில்லாம உட்காருங்க’ என்றால், நாற்காலி ‘தொப்’பென்று சத்தம் போட்டதா இல்லையா என்பது யாருக்கும் தெரியும்.

கவனத்தை உடலுக்குள் திருப்பாமல் வெளியே இருக்கும் பொருளின்மீது வைக்கச் சொல்வது பலன் தருகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. காப்ரியேலே வூல்ஃப் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1998-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பனிச்சறுக்குப் போன்ற அசைவைக் கற்றுத்தரும் கருவியில் சிலரை ஏற்றினார்கள். ஒரு பிரிவினரைத் தங்கள் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைப் பாதத்துக்குக் கீழே இருந்த கருவியின் சக்கரங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். நம் பயிற்சியில் ‘முட்டியை நீட்டுங்க’ என்பதைவிட ‘தரையைத் தள்ளுங்க’ என்பது எடுபடுவதற்கும் இதே காரணத்தைச் சொல்லலாம்.

ஒன்பது விநாடிக் கணக்கு

எழுதும் முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம்?

உட்கார்ந்த நிலையில் 3 விநாடி இடைவெளி. எழ 2 விநாடி. நின்று 1 விநாடி. மெதுவாக உட்கார 3 விநாடி. மொத்தம் 9 விநாடி. எட்டு தடவைக்கு 72 விநாடி.

இதில் பேசுவதற்கான இடம், உட்கார்ந்திருக்கும் அந்த 3 விநாடி மட்டும்தான். எழ ஆரம்பித்த பிறகு சொல்லும் குறிப்பு தாமதமான குறிப்பு. கேட்டவர் அதைச் செயல்படுத்துவதற்குள் அசைவு முடிந்திருக்கும். அல்லது பாதியில் தயங்கித் தடுமாறுவார். மூன்று விநாடியில் நிதானமாக எத்தனை சொல் சொல்லலாம்? மூன்று, மிஞ்சினால் ஐந்து. ‘ஒரு தடவைக்கு ஒரு குறிப்பு’ என்ற விதி இந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடுகிறது.

எழும்போதும் உட்காரும்போதும் குரல் பேசாது. வேண்டுமானால் எண்ணிக்கை மட்டும் கேட்கலாம்.

தொடங்கும் முன் ஒரு நிமிடம்

இந்தப் பயிற்சியில் பெரிய ஆபத்து தசையில் இல்லை, தரையில் இருக்கிறது. எழும்போது பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் பின்னால் நழுவும். உட்கார வரும்போது அது பழைய இடத்தில் இருக்காது. அதனால் முதல் ஒரு நிமிடம் முழுவதும் ஏற்பாட்டுக்குத்தான். இந்தப் பாதுகாப்பு வரிகள் திரையில் எழுத்தாகவும் வர வேண்டும், அதே சொற்களில் குரலாகவும் வர வேண்டும். எழுத்து ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொன்னால் இரண்டுமே மனதில் நிற்காது.

திரை 1: “நாற்காலியின் முதுகு சுவரில் முட்டி நிற்கட்டும். சக்கர நாற்காலி வேண்டாம்.”

திரை 2: “தரை ஈரமில்லையே? சாக்ஸ் வேண்டாம். நைட்டி, சேலை, லுங்கி கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும்.”

திரை 3: “சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம்.”

திரை 4: “ஒரு வருடத்துக்குள் விழுந்தவர்கள், இடுப்பு, முட்டி, கண் ஆபரேஷன் ஆனவர்கள், இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவும்.”

பிறகு உட்காரும் விதம். இருக்கையின் முன்பாதியில் உட்கார வேண்டும். கால்கள் இடுப்பு அகலத்தில் இருக்கட்டும். பாதங்களை முட்டிக்கு நேர்க்கீழே வைக்காமல் சற்று உள்ளே இழுத்து வைக்க வேண்டும். பாதம் முன்னால் நீட்டியிருந்தால் எவ்வளவு பலம் இருந்தாலும் எழுவது கஷ்டம். இருக்கையின் உயரம் சுமார் 43 சென்டிமீட்டர், அதாவது 17 அங்குலம் இருந்தால் வசதி. உட்காரும்போது முட்டியைவிட இடுப்பு தாழ்ந்து போனால் அந்த நாற்காலி குட்டை. பெட்ஷீட்டை இறுக்கமாக மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மெத்மெத்தென்ற தலையணை வேண்டாம், நழுவும். கை இல்லாமல் எழ முடியாதவர்கள் கைப்பிடி வைத்த நாற்காலியில் பிடித்துக்கொண்டே செய்யலாம்.

எட்டு தடவை, எட்டு குறிப்பு

கேமரா முதல் நான்கு தடவைக்குப் பக்கவாட்டில் இருக்கும். குதிகால் தூக்குவதும் உடம்பு முன்னால் சாய்வதும் அங்கிருந்துதான் தெரியும். ஐந்தாவது தடவையில் கேமரா நேர் முன்னால் வரும். ஏழாவதில் மீண்டும் பக்கவாட்டு. எந்தக் குறிப்பு சொல்கிறோமோ அது தெரியும் கோணம் திரையில் இருக்க வேண்டும். முட்டி உள்ளே மடங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டே பக்கவாட்டுப் படத்தைக் காட்டினால் பயனில்லை.

முதல் தடவை: “குதிகால் தரையிலேயே இருக்கட்டும்.” குதிகால் தூக்கினால் எடை முன்விரலுக்குப் போய்விடும், தடுமாற்றம் வரும். ஒரு காகிதத்தைக் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டால், அது நகர்ந்ததா என்று தெரிந்துவிடும். ஆனால், இதை ஒத்திகையில் உட்கார்ந்தபடி மட்டும்தான் செய்ய வேண்டும். எழும்போது காகிதம் வழுக்கும்.

இரண்டாவது: “மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும்.” ‘முதுகை நேரா வைங்க’ என்று கேட்டுக் கேட்டு, பலர் செங்குத்தாக அமர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள். முடியாது. எடை பாதத்துக்கு மேலே வர வேண்டுமானால் உடம்பு இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்தாக வேண்டும்.

மூன்றாவது: “தரையைத் தள்ளி எழுந்திருங்க.” ஆடாமல், எக்காமல் கால் பலத்தால் எழ வைக்கும் குறிப்பு இது.

நான்காவது: “எழும்போது மூச்சை வெளியே விடுங்க.” மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ‘உஸ்’ என்று விடும் சத்தம் தன் காதிலேயே விழுந்தால் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம்.

ஐந்தாவது, கேமரா முன்னால்: “முட்டி ரெண்டாவது விரலைப் பார்க்கட்டும்.” எழும்போது இரண்டு முட்டியும் ஒன்றையொன்று தேடி உள்ளே மடங்குவது பரவலாகக் காணப்படும் பிழை. எழும் முன் குனிந்து பார்க்கும்போது, முட்டிக்கு உட்பக்கம் கட்டைவிரல் தெரிய வேண்டும்.

ஆறாவது: “முழுசா நிமிர்ந்து ஒரு விநாடி நில்லுங்க.” பாதி எழுந்ததும் மறுபடி உட்கார்ந்துவிடுவது இங்கே நிற்கும்.

ஏழாவது: “சத்தமில்லாம உட்காருங்க.” உட்காரும்போது மூன்று விநாடி தாங்கி இறங்குவதில்தான் தொடைத் தசைக்கு நல்ல வேலை. கடைசி ஓர் அடியில் தொப்பென்று விழுபவர்களை நாற்காலியே காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டாவது: “இது உங்க முறை, நான் பேச மாட்டேன்.” இந்தத் தடவை திருத்தம் எதுவும் இல்லை. ஏழு குறிப்புகளில் எது தானாக வருகிறது, எது மறந்துபோகிறது என்று செய்பவர் கவனிப்பதற்காக விட்ட இடம் இது.

ஒன்றைக் கவனிக்கலாம். முன்பு சொன்ன குறிப்பு எதுவும் மறுபடி வரவில்லை. ஐந்தாவது தடவையில் ‘குதிகாலையும் மறந்துடாதீங்க’ என்று சேர்க்க யாருக்கும் ஆசை வரும். சேர்த்தால் அது இரண்டு குறிப்பு. மறுநாள் அதே வீடியோவைப் போடும்போது குதிகாலுக்கு மறுபடி அதன் முறை வரும்.

இந்த வரிகள் எல்லாம் பேச்சு வழக்கில் இருப்பதும் வேண்டுமென்றேதான். ‘முழங்கால்’ என்று எழுதலாம். வீட்டில் சொல்வது ‘முட்டி’. காதில் விழுந்ததை மனதுக்குள் மாற்றிப் புரிந்துகொள்ள 3 விநாடியில் நேரமில்லை. ‘வலது’, ‘இடது’ என்ற சொற்களும் ஸ்கிரிப்டில் இல்லை. திரையில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கும்போது அவருடைய வலது நமக்கு இடது பக்கம் தெரியும், குழப்பம்தான் மிஞ்சும்.

‘முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது’ எங்கே?

பல வீடியோக்களில் தவறாமல் வரும் அந்த வரி இந்த ஸ்கிரிப்டில் இல்லை. மறந்துபோய் விடவில்லை. எழும்போது முட்டி ஓரளவு முன்னால் வருவது இயல்பு. அதை வலுக்கட்டாயமாகத் தடுத்தால் உடம்பு இன்னும் அதிகமாக முன்னால் சாயும். முட்டியில் குறைந்த சுமை இடுப்புக்கும் முதுகுக்கும் போய்ச் சேரும். பளு தூக்கிக் குந்தி எழும் ஸ்குவாட் பயிற்சியை வைத்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. முட்டியைப் பலகை வைத்துத் தடுத்தபோது முட்டியின் சுமை கொஞ்சம் குறைந்தது. இடுப்பின் சுமை பல மடங்கு ஏறியது.

அப்படியென்றால் முட்டி வலிக்காரர்களுக்கு என்ன வழி? இருக்கையை உயர்த்துவதுதான். எவ்வளவு உயரமோ அவ்வளவு குறைவாக முட்டி மடங்கும். தொடை சோர்வது வேறு, முட்டிக்குள் சுருக்கென்று குத்துவது வேறு. முதலாவது பயிற்சியின் அடையாளம். இரண்டாவது வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் இருக்கையை உயர்த்திப் பார்க்க வேண்டும். அப்போதும் குத்தினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

திரை எழுத்து எங்கே, எப்போது?

பயிற்சி நடக்கும்போது திரையில் வருவது பாதுகாப்பு எழுத்து மட்டும். அசைவைத் திருத்துவது குரலின் வேலை. இரண்டையும் கலக்கக் கூடாது.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பட்டை நிலையாக இருக்கும்: “நெஞ்சு வலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் நிறுத்துங்க. உட்காருங்க.” இதைத் தவிர நடுவில் இரண்டே எழுத்துகள். மூன்றாவது தடவையில், “நின்றதும் தலை சுற்றினால் உடனே உட்காருங்க.” பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கும். உட்கார்ந்து எழுவதையே பயிற்சியாகச் செய்யும்போது அது வெளிப்பட இடமுண்டு. ஆறாவது தடவையில், “பேச முடியாத அளவுக்கு இரைக்கிறதா? ஓய்வெடுங்க.”

முன்னால் சாயும்போது பார்வை தரைக்குப் போய்விடும். திரையைப் பார்க்க நேரம் குறைவு. அதனால் ஒவ்வோர் எழுத்தும் அந்த 9 விநாடி முழுவதும் இருக்க வேண்டும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கண்ணாடி போடாமல் படிக்க முடிகிறதா என்பதுதான் அளவு.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வழக்கமாக எழுத்தைத் திரையின் அடியில் போடுவார்கள். ஆனால், அடியில்தான் பாதம் இருக்கிறது. ‘குதிகால் தரையிலேயே இருக்கட்டும்’ என்று குரல் சொல்லும்போது, குதிகாலை எழுத்துப் பட்டை மறைத்துக்கொண்டிருக்கும். செங்குத்து வீடியோவில் லைக், ஷேர் பட்டன்களும் அங்கேதான் குவிந்திருக்கும். அதனால் பாதுகாப்பு எழுத்துக்கு இடம் திரையின் மேல்பகுதி.

கடைசித் திரை: “உடனே நடக்காதீங்க. ஒரு நிமிடம் உட்கார்ந்திருங்க. நெஞ்சு வலி தொடர்ந்தால் 108.”

படம் எடுக்கும் முன் ஒரு சோதனை

ஸ்கிரிப்ட் தயாரானதும் கேமராவைத் திறக்க அவசரம் வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, படம் எதுவும் காட்டாமல் வரிகளை மட்டும் படித்துக்காட்ட வேண்டும். பக்கத்தில் பிடிக்க ஓர் ஆள் நிற்கட்டும்.

நம் மூலக்குளத்து அம்மாவுக்கே படித்துப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். முதல் தடவை சரி. இரண்டாவதில் “மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும்” என்றதும், இடுப்பிலிருந்து சாயாமல் தலையை மட்டும் கவிழ்க்கிறார். எழ முடியவில்லை. பிழை அவருடையது அல்ல, வரியுடையது. ‘மூக்கு’ என்றதும் கழுத்து மட்டும் வேலை செய்திருக்கிறது. வரியை மாற்றிப் பார்க்கலாம்: “எதிரே இருக்கறவங்களுக்கு வணக்கம் சொல்ற மாதிரி சாயுங்க.” இப்போது இடுப்பு மடங்குகிறது; எழுந்துவிடுகிறார். ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரி மட்டும் மாறும். மூன்று, நான்கு பேரிடம் இப்படிப் படித்துக்காட்டினால், எந்த வரி எல்லோரையும் ஒரே மாதிரி தடுமாற வைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வீடியோவைப் பார்த்துச் செய்பவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. போனை ஒரு முக்காலியில் இடுப்பு உயரத்துக்கு வைத்து, இரண்டரை மீட்டர் தள்ளி, தலையும் பாதமும் தெரியும்படி தங்களையே படம் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்து மூன்று தடவை, முன்னாலிருந்து மூன்று தடவை. போட்டுப் பார்க்கும்போது எல்லாவற்றையும் தேட வேண்டாம். பக்கவாட்டில் குதிகாலையும் கடைசி நேரத் ‘தொப்’பையும் பார்க்கலாம், முன்னாலிருந்து எடுத்ததில் முட்டியை மட்டும் பார்க்கலாம். தெரிந்த பிழைகளில் ஒன்றை மட்டும் அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில வாரங்கள் கழித்து முன்னேற்றத்தை அளக்க ஆசையென்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அதே 43 சென்டிமீட்டர் நாற்காலி, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று இன்னொருவர் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் முதியவர்களுக்குப் பயன்படுத்தும் சோதனை இது. அவர்கள் கணக்குப்படி 60 முதல் 64 வயது வரையிலான பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால், ஆணுக்கு 14-க்குக் குறைந்தால், விழும் அபாயம் கூடுதல். இது வேகத்தை அளக்கும் சோதனை. தினசரிப் பயிற்சியை இந்த வேகத்தில் செய்யக் கூடாது. எண்ணிக்கை குறைவாக வந்தாலோ, கைப்பிடி இல்லாமல் ஒரு முறைகூட எழ முடியாவிட்டாலோ, அங்கே வீடியோவின் வேலை முடிந்தது. நேரில் பார்த்துத் தொட்டுத் திருத்தும் பிசியோதெரபிஸ்ட்டிடம் போக வேண்டிய நேரம் அது.